26 பெட்டிக்கு 4.212 கன மீட்டரா?

மெல்பர்னுக்குப் போன 26 பெட்டிக்கான இன்வாய்ஸ் மே 13-ஆம் தேதி மாலை வந்தது. கடையில் ஆள் இருந்ததால் போனிலேயே திறந்து பார்த்தேன். மொத்தம் 1,181 மலேசிய வெள்ளி 94 சென். அதே வாடிக்கையாளருக்கு அதற்கு முன் கிட்டத்தட்ட இதே அளவு சரக்கு அனுப்பியபோது எண்ணூறைத் தொடவில்லை. கடல் கட்டணம் ஏறிவிட்டதோ என்று பார்த்தால் ஏறவில்லை. கன மீட்டருக்கு 180 வெள்ளி, கொட்டேஷனில் சொன்னதேதான். சிஎஃப்எஸ், அதாவது பலர் சரக்கைச் சேர்த்துக் கன்டெய்னரில் ஏற்றும் கிடங்கு, அதன் கட்டணம் கன மீட்டருக்கு 65, அதுவும் சொன்னதேதான். ஆவணக் கட்டணம் 150. விலை எதுவும் மாறவில்லை. மாறியிருந்தது அளவுதான். என் பேக்கிங் லிஸ்டில் 2.460 கன மீட்டர், இன்வாய்ஸில் 4.212.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் சின்னக் கைத்தறிக் கடை. பவானி ஜமக்காளம், சென்னிமலைப் போர்வை, கரூர் சமையலறைத் துண்டு ஆகியவற்றைத் தமிழ்நாட்டிலிருந்து சிப்பம் சிப்பமாக வரவழைத்து, பிரித்து, தரம் பார்த்து, லேபிள் தைத்து, பெட்டியில் கட்டி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கும் சில கடைகளுக்கு அனுப்புகிறேன். வருஷத்துக்கு ஏழெட்டு முறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கன மீட்டர். முழு கன்டெய்னர் எடுக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அதனால் எப்போதும் எல்சிஎல், அதாவது பலருடைய சரக்கோடு ஒரே கன்டெய்னரில் இடம் வாங்கிக்கொள்வது. இதில் கட்டணம் எடைக்கும் கன அளவுக்கும் எது அதிகமோ அதற்கு. 1,000 கிலோவும் 1 கன மீட்டரும் சமம் என்று வைத்துப் பார்ப்பார்கள். என் 26 பெட்டியும் சேர்த்து 544 கிலோ, அதாவது 0.544 டன். துணிக்காரர்களுக்கு எடை பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. நாங்கள் காசு கொடுப்பது இடத்துக்குத்தான். அதனால்தான் இந்த ஒரு எண் பிசகினால் பில் முழுதும் பிசகிவிடுகிறது.

அன்று மாலை நான் செய்தது முட்டாள்தனம். சரக்கைக் கப்பலில் அனுப்பித் தரும் ஃபார்வர்டர் ஆபீஸில் ஏற்றுமதி பார்க்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினேன். கொஞ்சம் சத்தமாகவே. “என்ன தம்பி, நாலு கன மீட்டர்னு போட்டு வெச்சிருக்கீங்க, நான் என்ன அலமாரியா அனுப்பினேன்?” அவன் பதில் மறுநாள் வந்தது. “அக்கா, சிஎஃப்எஸ்ல அளந்தது அதான்க்கா. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.” நான் திரும்பவும் ஒரு குரல் செய்தி. அவனிடமிருந்து ஒரு கைகூப்பும் பொம்மை. இப்படியே மூன்று நாள் போயிற்று.

அந்த மூன்று நாளுக்கு ஒரு விலை இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. இந்த ஃபார்வர்டர் அரசின் மின்-இன்வாய்ஸ் முறைக்குள் வந்துவிட்டவர். அந்த முறையில் ஒரு இன்வாய்ஸ் சரிபார்க்கப்பட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை வாங்குபவர் மறுக்கலாம், விற்பவர் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு அந்த இன்வாய்ஸைத் தொட முடியாது. தொகையைக் குறைத்துத் தனியாக ஒரு கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். சனி ஞாயிறெல்லாம் அந்த 72-இல் அடக்கம். நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மறுப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் ஒரு படி மிச்சமாகியிருக்கும்.

நான்காம் நாள் காலையில், தே தாரிக்கை ஆறவிட்டுக்கொண்டு, கால்குலேட்டரை எடுத்தேன். தவறான எண் எங்கிருந்து முளைத்தது என்று அந்த எண்ணையே கேட்கலாம் என்று தோன்றியது. கன அளவில் ஒவ்வொரு பிழையும் தன் கால்தடத்தை விட்டுத்தான் போகும். சென்டிமீட்டரை அங்குலமென்று எடுத்திருந்தால் விடை பதினாறு மடங்குக்கு மேல் வீங்கியிருக்கும். கன அடியைக் கன மீட்டர் கட்டத்தில் போட்டிருந்தால் முப்பத்தைந்து மடங்கு. இரண்டுமே இல்லை, என்னுடையது ஒன்றே முக்கால் மடங்குகூட வரவில்லை.

அடுத்த சந்தேகம் பேலட். உதிரியாகக் கொடுத்த பெட்டிகளைச் சில கிடங்குகளில் மரப் பேலட்டில் அடுக்கிச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். கட்டியபின் பேலட்டின் வெளி அளவுதான் கணக்கு. மரமும் மூலையில் விழும் காலி இடமும் நம் தலையில். 1.2-க்கு 1.0 மீட்டர் பேலட் இரண்டு என்று வைத்துக்கொண்டால் பரப்பு 2.4 சதுர மீட்டர். 4.212-ஐ அதனால் வகுத்தால் உயரம் 1.755 மீட்டர். பொருந்துகிற மாதிரிதான் இருந்தது. கிட்டத்தட்ட நம்பியும்விட்டேன். ஆனால் சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு அவர்கள் தரும் தாளான பில் ஆஃப் லேடிங்கின் வரைவில் “26 பெட்டிகள்” என்றுதான் இருந்தது, பேலட் என்ற சொல்லே இல்லை. அதோடு, கிடங்கில் டேப் பிடிக்கிறவர் யாரும் 175-க்கு மேல் அரை சென்டிமீட்டர் எழுத மாட்டார்.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். 4.212-ஐ 26-ஆல் வகுத்தேன். மிச்சம் மீதி இல்லாமல் 0.162 வந்தது.

என் சரக்கில் இரண்டு வகைப் பெட்டிகள். ஜமக்காளமும் போர்வையும் போட்ட பெரிய பெட்டி 10, கரூர்த் துண்டு போட்ட சின்னப் பெட்டி 16. பெரியது 60-க்கு 50-க்கு 50 சென்டிமீட்டர், அதாவது 0.150 கன மீட்டர். சின்னது 50-க்கு 40-க்கு 30, அதாவது 0.060. இரண்டு அளவுப் பெட்டிகள் கலந்த சரக்கின் மொத்தத்தைப் பெட்டி எண்ணிக்கையால் வகுத்தால் பொதுவாக ஒரு வால் நீண்ட தசமம்தான் வரும். இவ்வளவு சுத்தமாக 0.162 வந்தால், யாரோ ஒரே பெட்டியின் அளவை 26 முறை பெருக்கியிருக்கிறார் என்று அர்த்தம். 0.162 என்பது 0.60, 0.50, 0.54 மூன்றின் பெருக்கல். என் பெரிய பெட்டியேதான், உயரம் மட்டும் நான்கு சென்டிமீட்டர் கூடுதல்.

அந்த நான்கு சென்டிமீட்டர் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அது அவர்கள் பிழை இல்லை.

அண்ணன் மகன்தான் பேக்கிங் லிஸ்ட் தயாரிப்பான். “எப்படிடா அளந்தே?” என்று கேட்டேன். “பெட்டி அடியிலயே அச்சடிச்சிருக்கே அத்தை” என்றான். அவன் குறித்தது காலிப் பெட்டியின் அளவு. ஜமக்காளம் நிறைத்து டேப் ஒட்டிய பெட்டி அந்த அளவில் நிற்காது. பவானியில் எங்களுக்குக் கட்டித் தருகிறவர் முன்பே சொல்லியிருக்கிறார், “மடிச்ச ஜமக்காளம் மூச்சு விடுமுங்க அக்கா.” அங்கே அவர்கள் சிப்பமாக அழுத்திக் கயிறு போட்டு இறுக்கி அனுப்புவதால் தெரிவதில்லை. நாங்கள் பிரித்து, லேபிள் தைத்து, மறுபடி மடித்துப் பெட்டியில் வைக்கும்போது அழுத்தம் கிடையாது. ஓரிரு நாளில் மூடி குழந்தையின் வயிறு மாதிரி உப்பிவிடும். கிடங்கில் அளப்பவர் உப்பலின் உச்சியில் டேப்பை வைப்பார். அது சரியான முறைதான். கன்டெய்னருக்குள் அந்த உப்பலுக்கு மேலேதான் அடுத்தவர் பெட்டி உட்கார வேண்டும். துண்டுப் பெட்டிகள் உப்பவில்லை. துண்டு தட்டையாகப் படுக்கும், மூச்சு விடுவதில்லை.

உடனே சிஎஃப்எஸ் டேலி ஷீட்டின் நகலைக் கேட்டேன். இந்தத் தடவை குரல் செய்தி இல்லை, ஒரே ஒரு வரி மின்னஞ்சல். டேலி ஷீட் என்பது சரக்கு கிடங்கு வாசலில் இறங்கும்போது எண்ணி, அளந்து, சேதம் இருந்தால் குறித்து வைக்கும் தாள். கட்டணச் சண்டையில் நம் பேக்கிங் லிஸ்டைவிட அதற்குத்தான் மதிப்பு. நாம் எழுதியது நம் வாக்குமூலம், அவர்கள் எழுதியது அளந்த கணக்கு. கேட்காமல் அனுப்ப மாட்டார்கள், ஆனால் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். எனக்கு மதியத்துக்குள் வந்துவிட்டது. போர்ட் கிள்ளான் கிடங்கில் மே 6-ஆம் தேதி கையால் எழுதிய தாளின் படம். இரண்டு வரி, இரண்டும் சரியாக.

```
10 × 0.60 × 0.50 × 0.54 = 1.620
16 × 0.50 × 0.40 × 0.30 = 0.960
மொத்தம்                  2.580
```

கிடங்குக்காரர் தப்பே செய்யவில்லை. அந்தத் தாளைப் பார்த்து யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது முதல் வரியின் அளவையும் அடியில் இருந்த மொத்தப் பெட்டி எண்ணையும் மட்டும் தட்டியிருக்கிறார். இரண்டாவது வரி காணாமல் போயிற்று. பதினாறு சின்னப் பெட்டியும் பெரிய பெட்டியாக வளர்ந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் 0.102 கூடுதல், பதினாறுக்கு 1.632. 4.212-லிருந்து 2.580-ஐக் கழித்தாலும் அதே 1.632. கணக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒரே இடத்தில் வந்து முட்டிய அந்த நிமிஷத்தில்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் எழுதியிருந்தால் 2.460 என்று எழுதியிருப்பேன். அவர்கள் டேலி ஷீட்டை எடுத்து “உங்கள் அளவே தப்பு” என்று ஒரே வரியில் என்னை மடக்கியிருப்பார்கள்.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன். ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர் தமிழர் இல்லை. இங்கே தமிழில் தருகிறேன்.

மே 17

பெறுநர்: கணக்குப் பிரிவு மேலாளர்
நகல்: ஏற்றுமதிப் பிரிவு

பொருள்: மே 13 தேதியிட்ட இன்வாய்ஸ். மெல்பர்ன் எல்சிஎல் சரக்கு, 26 பெட்டிகள், 544 கிலோ. கன அளவைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

மேற்கண்ட இன்வாய்ஸிலும் உங்கள் பில் ஆஃப் லேடிங்கிலும் எங்கள் சரக்கின் கன அளவு 4.212 கன மீட்டர் என்று உள்ளது. சரியான அளவு 2.580 கன மீட்டர்.

இதற்கு ஆதாரம் போர்ட் கிள்ளான் சிஎஃப்எஸ் மே 6 அன்று எடுத்த டேலி ஷீட். அதில் 60 × 50 × 54 சென்டிமீட்டர் பெட்டிகள் 10, 50 × 40 × 30 சென்டிமீட்டர் பெட்டிகள் 16 என்று இரண்டு வரிகள் உள்ளன. முதல் வரிக்கு 1.620, இரண்டாவது வரிக்கு 0.960, கூட்டினால் 2.580. முதல் வரியின் அளவை 26 பெட்டிகளுக்கும் பெருக்கினால் 4.212 வருகிறது. பதிவேற்றும்போது இரண்டாவது வரி விடுபட்டிருக்கிறது என்று கருதுகிறோம்.

எங்கள் பேக்கிங் லிஸ்டில் 2.460 கன மீட்டர் என்று இருந்தது. பெரிய பெட்டிகளின் உயரத்தை நாங்கள் 50 சென்டிமீட்டர் என்று குறித்தது தவறு. கிடங்கில் அளந்த 54 சென்டிமீட்டரை ஏற்கிறோம். எனவே நாங்கள் கேட்பது எங்கள் பேக்கிங் லிஸ்டின் அளவை அல்ல, உங்கள் கிடங்கின் அளவை.

உங்கள் கொட்டேஷன்படி கடல் கட்டணமும் சிஎஃப்எஸ் கட்டணமும் சேர்த்துக் கன மீட்டருக்கு 245 வெள்ளி. உண்மையான அளவுக்குக் கட்டணம், குறைந்தபட்சம் 1 கன மீட்டர், முழு எண்ணாக உயர்த்துவதில்லை என்றும் அதில் உள்ளது. அதன்படி 2.580 கன மீட்டருக்கு 632.10 வெள்ளி. இன்வாய்ஸில் இருப்பது 1,031.94 வெள்ளி. வேறுபாடு 399.84 வெள்ளி. ஆவணக் கட்டணம் 150 வெள்ளியில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

நாங்கள் கேட்பது மூன்று. இன்வாய்ஸுக்கு எதிராக 399.84 வெள்ளிக்குக் கிரெடிட் நோட் தர வேண்டும். பில் ஆஃப் லேடிங்கில் கன அளவை 2.580 என்று திருத்தித் தர வேண்டும். மூன்று அசல் பிரதிகளும் எங்களிடமே உள்ளன, திருப்பித் தரத் தயார். சரக்கு மெல்பர்ன் சேருமுன் உங்கள் அங்குள்ள ஏஜென்ட்டுக்குத் திருத்திய அளவைத் தெரிவித்து, அந்த மின்னஞ்சலின் நகலை எங்களுக்கும் அனுப்ப வேண்டும்.

ஆட்சேபம் இல்லாத 782.10 வெள்ளியை இன்று வங்கி வழியாகச் செலுத்தியுள்ளோம். ரசீது, டேலி ஷீட், கொட்டேஷன், இன்வாய்ஸ் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. மே 22-க்குள் பதில் தந்தால் அசல் பிரதிகளை வாடிக்கையாளருக்கு உரிய நேரத்தில் அனுப்ப முடியும்.

தங்கள் உண்மையுள்ள,

அவ்வளவுதான் கடிதம். முதல் வரைவில் மூன்று நாள் உருப்படியான பதில் வராத வயிற்றெரிச்சல் ஒரு பத்தி இருந்தது. அண்ணன் மகன் படித்துவிட்டு, “இதை மட்டும் எடுத்துடுங்க அத்தை, அவங்க இதுக்குத்தான் பதில் எழுதுவாங்க” என்றான். எடுத்துவிட்டேன்.

இரண்டாவது, மூன்றாவது கோரிக்கை பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பழகிய வியாபாரிகளே இங்கே கோட்டைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இன்வாய்ஸ் தப்பாக வந்தால் காசைத் திருப்பி வாங்குவதோடு விட்டுவிடுகிறோம். ஆனால் கன அளவு என்கிற எண் இன்வாய்ஸில் மட்டும் குடியிருப்பதில்லை. பில் ஆஃப் லேடிங்கில் ஏறி, அங்கிருந்து சரக்குப் பட்டியலில் ஏறி, கப்பலோடேயே பயணம் போகிறது. இறங்கும் துறைமுகத்தில் கன்டெய்னரைப் பிரிக்கும் கூலி, கிடங்குக் கட்டணம் எல்லாம் அந்தத் தாளில் உள்ள அளவுக்கே விதிக்கப்படும். அங்கே யாரும் மறுபடி டேப் பிடிப்பார்கள் என்று நம்பக்கூடாது. நான் விற்றது சிஎஃப்ஆர் மெல்பர்ன், அதாவது அந்தத் துறைமுகம் வரை கடல் கட்டணம் என்னுடையது, இறங்கியபின் வாடிக்கையாளருடையது. அவருக்குப் போன் செய்து கேட்டேன். அங்கே கன மீட்டருக்கு 90 ஆஸ்திரேலிய டாலர் கட்டுகிறாராம். விடுபட்ட அந்த ஒரு வரியால் அவர் தலையில் விழவிருந்தது 146 டாலர் 88 சென்ட். எனக்கு 400 வெள்ளி திரும்பி வந்து, அவருக்கு 147 டாலர் கூடுதல் பில் போயிருந்தால், அடுத்த ஆர்டர் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவருக்கு அது யார் பிழை என்றே தெரிந்திருக்காது. பினாங்குக்காரியிடம் வாங்கினால் செலவு ஜாஸ்தி என்று மட்டும் மனதில் நின்றிருக்கும்.

அசல் பிரதிகள் கையில் இருந்தது அதிர்ஷ்டம்தான். பில் ஆஃப் லேடிங் மூன்று அசலாக வரும். திருத்திய தாள் வேண்டுமென்றால் பழைய மூன்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே சரக்குக்கு இரண்டு செட் அசல் சந்தையில் உலவ எந்த ஃபார்வர்டரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. கூரியரில் போட்டிருந்தால் மெல்பர்னிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்திருக்கும். அதற்குள் கப்பல் போய்ச் சேர்ந்திருக்கும்.

பணம் கட்டிய விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான ஃபார்வர்டர்களின் வியாபார விதிகளில், வழக்கு இருக்கிறது என்று சொல்லிக் கட்டணத்தைப் பிடித்து வைக்கக்கூடாது என்று ஒரு பிரிவு பொடி எழுத்தில் இருக்கும். பாக்கி இருந்தால் சரக்கையோ தாள்களையோ பிடித்துவைக்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கும். ஆகவே, “பில் தப்பு, ஒரு காசும் தரமாட்டேன்” என்பது வீரமாகத் தெரிந்தாலும் சட்டப்படி வலுவில்லாத நிலை. ஆட்சேபம் இல்லாத பகுதியைக் கட்டிவிட்டு, மிச்சத்துக்குக் கணக்கோடு எழுதியது எனக்கு ஒத்துவந்தது. ஏனென்றால் எனக்கு முப்பது நாள் கடன் வசதி இருந்தது, தாள்களும் என் கையில் இருந்தன. தாள் அவர்கள் கையில் இருந்திருந்தால் முழுத் தொகையையும் கட்டி, “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதியிருப்பேன். 400 வெள்ளிக்காக ஒரு கப்பல் சரக்கைப் பணயம் வைக்க முடியாது.

கடிதம் போன அன்று சாயங்காலமே தம்பி போன் செய்தான். குரல் மாறியிருந்தது. “அக்கா, டேலி எங்க கிடைச்சிச்சு?” “உங்க ஆபீஸ்லருந்துதான் தம்பி.” கொஞ்சம் மௌனம். அப்போது இன்னொன்றும் கேட்டேன். அவர்கள் எல்சிஎல் இடத்தைச் சொந்தமாக வைத்திருப்பதில்லை, போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் நிரப்பும் ஒரு பெரிய கன்சாலிடேட்டரிடம் வாங்கி எங்களுக்கு விற்கிறார்கள். “கன்சாலிடேட்டர் உங்களுக்கு எத்தனை கன மீட்டருக்கு பில் போட்டான்?” அதுதான் சரியான கேள்வி. அவரும் 4.212-க்கு பில் போட்டிருந்தால், இவர்கள் முதலில் அங்கே சண்டை போட்டு ஜெயித்த பிறகே எனக்குத் தருவார்கள். வாரக்கணக்கில் இழுக்கும். கன்சாலிடேட்டர் 2.580-க்குப் போட்டிருந்தால் தப்பு இவர்கள் கம்ப்யூட்டரில்தான், அந்த 1.632-க்கு இவர்கள் யாருக்கும் ஒரு சென்கூடக் கொடுக்கவில்லை. தம்பி பார்த்துச் சொல்கிறேன் என்றான். மே 19-இல் சொன்னான். 2.580.

அதற்கப்புறம் வேகமாகத்தான் நடந்தது. கிரெடிட் நோட் அன்றே வந்தது. மூன்று அசலையும் எடுத்துக்கொண்டு நானே ஃபெரியில் பட்டர்வொர்த் போய்க் கொடுத்தேன். ஆளை அனுப்பியிருக்கலாம், ஆனால் அந்தக் கணக்காளர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நல்ல மாதிரியான சீனப் பெண்மணி, வயது என்னைவிடக் குறைவு. நான் கொண்டுபோன தாளை மேசையில் வைத்து இரண்டு வரியையும் பென்சிலால் கூட்டிப் பார்த்துவிட்டு, “சாரி லா” என்றார். புதிய பில் ஆஃப் லேடிங் 21-ஆம் தேதி கிடைத்தது. கூடவே ஒரு சின்ன இன்வாய்ஸ், திருத்தக் கட்டணம் 75 வெள்ளி. அவர்கள் தட்டிய தப்பைத் திருத்த நான் கட்டணம் கொடுப்பதா? கோபம் வரத்தான் செய்தது. ஆனால் இந்தத் தடவை ஒரே வரி மின்னஞ்சல். திருத்தத்துக்குக் காரணம் அனுப்புநர் பிழையல்ல என்று உங்கள் மே 19 மின்னஞ்சலே சொல்கிறது, ஆகவே 75 வெள்ளியை நீக்குங்கள். நீக்கினார்கள். திருத்தக் கட்டணம் அந்த சிஸ்டத்தில் தானாக விழும் போலிருக்கிறது. கேட்டவருக்கு எடுத்துவிடுகிறார்கள்.

மெல்பர்ன்காரருக்கு பில் 2.580-க்குத்தான் போயிற்று. அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

மிஞ்சியது எங்கள் வீட்டுக் கணக்கு. பேக்கிங் லிஸ்டுக்கும் டேலிக்கும் இடையே உள்ள 0.120 கன மீட்டருக்கு நான் கட்டிய 29 வெள்ளி 40 சென் பற்றி யாருக்கும் கடிதம் எழுத முடியாது. அது ஜமக்காளம் விட்ட மூச்சுக்கான கட்டணம். இப்போது பெரிய பெட்டிகளைக் கட்டியதும் மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்குகிறோம். லோரி வருவதற்கு முன் ஒவ்வொரு அளவிலும் ஒரு பெட்டியை எடுத்து, உப்பலின் உச்சியில் டேப்பைப் பிடித்து, எண் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து, பேக்கிங் லிஸ்டோடு சேர்த்து அனுப்புகிறோம். அண்ணன் மகன் லிஸ்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறான், “கட்டியபின் உயரம்” என்று. ஆக்லாந்துக்குப் போன அடுத்த சரக்கில் அதில் 52 என்று எழுதியிருந்தான். டேலி ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 53 என்று இருந்தது. “போர்ட் கிள்ளான் வரைக்கும் போற வழியில ஒரு தடவை மூச்சு விட்டிருக்கும் அத்தை” என்றான்.